மூவாயிரம் ரூபாய் விளம்பரமும் ஒரு பக்கக் கடிதமும்

பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் பட்டம் முடித்துவிட்டு சென்னை, கோவை, பெங்களூர் ஏஜென்சிகளுக்கு ஜூனியர் பெர்ஃபாமன்ஸ் மார்க்கெட்டிங் வேலை கேட்டு எழுதுகிறவர்களின் கவர் லெட்டரில் ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது. "நானே சொந்தமாக ஒரு கேம்பெய்ன் நடத்தினேன், 2.3 மடங்கு ரோஆஸ் கிடைத்தது." ரோஆஸ் என்பது விளம்பரத்துக்குப் போட்ட காசுக்கு எத்தனை மடங்கு விற்பனை வந்தது என்ற கணக்கு. எழுதியவருக்கு அந்த எண்தான் கடிதத்தின் உயிர். வாசிக்கிறவர் பெரும்பாலும் அந்த எண்ணைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார். இரண்டு பேருமே தங்கள் அளவில் சரிதான். இடையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது: சில ஆயிரம் ரூபாயில் நடத்திய ஒரு பயிற்சி விளம்பரம், வேலை கொடுக்கிறவரிடம் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது?

இந்தத் தொழிலின் அடிப்படை, எந்த விளம்பரத்தால் எந்த ஆள் வந்தான் என்று எண்ணுவது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் வெளியிட்ட 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற சிறு புத்தகத்தில் கூப்பன் எண்ணுவது திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு பத்திரிகையிலும் அச்சாகும் கூப்பனில் ஒரு குறியீடு வேறுபடும். திரும்பி வரும் கூப்பனைப் பார்த்தால் எந்தப் பத்திரிகை வேலை செய்தது என்று தெரிந்துவிடும். தபாலில் பொருள் விற்றவர்கள் முகவரியில் 'பிரிவு 3', 'பிரிவு 4' என்று போட்டதும் இந்தத் தந்திரம்தான். அப்படி ஒரு பிரிவே கம்பெனியில் இருக்காது. இந்தப் பழைய உத்தி நமக்குப் பின்னால் தேவைப்படும்.

மாணவர்களுக்குக் காசு கொடுத்து விளம்பரம் நடத்தச் சொல்வதும் புதிதில்லை. கூகுள் 2008-இல் கல்லூரி மாணவர்களுக்கென ஆன்லைன் மார்க்கெட்டிங் சேலஞ்ச் என்ற போட்டியைத் தொடங்கியது. மாணவர் குழு ஒரு நிஜ வியாபாரத்தைப் பிடிக்க வேண்டும். கூகுள் கொடுக்கும் 200 டாலரை (பின்னாளில் 250 ஆனது) வைத்து மூன்று வாரம் விளம்பரம் ஓட்ட வேண்டும். அதில் கவனிக்க வேண்டியது மதிப்பீட்டு முறை. கேம்பெய்ன் ஓடுவதற்கு முன் ஒரு திட்ட அறிக்கை, முடிந்தபின் ஓர் அறிக்கை என இரண்டும் எழுதித் தர வேண்டும். கணக்கில் வந்த எண்கள் மட்டும் போதவில்லை. என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது, ஏன் என்பதும் வேண்டியிருந்தது. போட்டி இப்போது இல்லை. ஆனால் அந்த இரண்டு அறிக்கைகளின் சுருக்கம்தான் இன்றைய கவர் லெட்டர் என்று எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அரும்பாவூரில் ஒரு கேம்பெய்ன்

இனி ஒரு கேம்பெய்னை அடியிலிருந்து பார்ப்போம். இது எந்த ஒரு மாணவருடையதும் அல்ல. இந்த அளவுப் பணத்தில் வழக்கமாக நடக்கிறவற்றை ஒன்றாகக் கோத்து நானே கட்டிய மாதிரி. எண்களும் மாதிரி எண்களே.

இடம் அரும்பாவூர். பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலைப் பக்கம் இருக்கும் ஊர். வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் சாமி சிலையும் வாகனமும் செதுக்குகிறவர்கள் ஊர். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாணவிக்கு அங்கே ஒரு சிற்பி தெரிந்தவர், அப்பாவின் நண்பர். "மாமா, உங்க பட்டறைக்கு நான் விளம்பரம் போட்டுப் பார்க்கட்டுமா, காசு என்னுது" என்று கேட்டாள். "போடு தாயி, போன் வந்தா நான் பேசிக்கிறேன்" என்றார் அவர். நாளொன்றுக்கு ₹200 வீதம் 14 நாள், மொத்தம் ₹2,800. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ₹504. ஆக, கையிலிருந்து போனது ₹3,304.

பத்துப் படங்களோடு ஒரே ஒரு பக்கம் தயாரித்தாள். கீழே வாட்ஸ்அப் பொத்தான். பொத்தானை அழுத்தினால் சிற்பியின் எண்ணுக்கு அரட்டை திறக்கும். கூகுள் தேடலில் விளம்பரம் வருமாறு `wood carving`, `wooden statue` என்ற இரண்டு கீவேர்டுகளைப் போட்டாள். மேட்ச் வகையை மாற்றவில்லை. அப்படியே விட்டால் அது பிராட் மேட்ச், அதாவது அந்தச் சொல்லோடு தொடர்புள்ளதாகக் கூகுள் கருதும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் போகலாம். இடத்துக்குத் தமிழ்நாடு என்று கொடுத்தாள். அதற்கடியில் இருக்கும் `Presence or interest` என்ற தேர்வையும் தொடவில்லை. அப்படி விட்டால் தமிழ்நாட்டில் இருப்பவர்களோடு, வேறெங்கோ இருந்துகொண்டு தமிழ்நாட்டில் அக்கறை காட்டியதாகக் கூகுள் நினைப்பவர்களுக்கும் விளம்பரம் போகும். இரண்டும் புதிதாகக் கணக்குத் தொடங்குகிற எல்லோரும் விழும் குழிகள். தயார்நிலையில் டிக் அடித்துக் கொடுக்கப்பட்டிருப்பது விளம்பரம் போடுகிறவருக்கு நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முதல் ஐந்து நாளில் ₹1,000 செலவு, 110 கிளிக். ஒரு கிளிக்குக்கு ஒன்பது ரூபாய் சொச்சம். பொத்தானை 12 முறை அழுத்தியிருக்கிறார்கள். மாணவிக்குச் சந்தோஷம். ஆறாம் நாள் காலை சிற்பியிடம் கேட்டாள். "மூணு பேரு பேசினாங்க தாயி. ஒருத்தரு மெஷின் என்ன வெலைன்னு கேட்டாரு. ஒருத்தரு இந்தியில பேசினாரு, நமக்குப் புரியல. ஒருத்தர்தான் பிள்ளையார் கேட்டாரு."

அந்த 'மெஷின்' என்ற சொல்தான் திருப்பம். அவள் கணக்கில் Search terms என்ற அறிக்கையைத் திறந்தாள். விளம்பரத்தைப் பார்த்தவர்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்தார்கள் என்பதைக் காட்டும் பக்கம் அது. 110 கிளிக்கும் அதில் தெரிவதில்லை. மிகச் சிலரே தேடிய சொற்களைக் கூகுள் மறைத்துவிடும். அவளுக்குத் தெரிந்தது 70. அந்த எழுபதில் 41 பேர் தேடியது மரம் செதுக்கும் மெஷின், சி.என்.சி. டிசைன், உளி, படங்கள், வேலைவாய்ப்பு. சிலை வாங்க வந்தவர்கள் அல்ல. மரம் செதுக்க விரும்புகிறவர்களும் செதுக்கியதை வாங்க விரும்புகிறவர்களும் ஒரே சொல்லைத் தட்டச்சு செய்கிறார்கள். இதை எந்தப் பாடப் புத்தகமும் அரும்பாவூருக்கென்று தனியாகச் சொல்லித் தராது; அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவருக்கே தெரியும்.

அன்றே மாற்றினாள். கீவேர்டுகளை `"wooden vinayagar statue"`, `"pooja room wooden door"` என்று மேற்கோள் குறிக்குள் போட்டு ஃப்ரேஸ் மேட்ச் ஆக்கினாள். வேண்டாத தேடல்களைத் தடுக்க நெகட்டிவ் கீவேர்ட் பட்டியல் ஒன்று சேர்த்தாள்:

```
machine
machines
மெஷின்
cnc
tools
png
job
```

`machine`, `machines` இரண்டும் ஏன் என்று கேட்கலாம். சாதாரண கீவேர்ட் ஒருமை, பன்மை இரண்டையும் தானே பிடித்துக்கொள்ளும். நெகட்டிவ் கீவேர்ட் அப்படியில்லை; ஒருமையைத் தடுத்தால் பன்மை நுழைந்துவிடும். தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்கிறவனையும் தனியாகத்தான் தடுக்க வேண்டும். நேர்காணலில் இந்த ஒரு வரியைச் சொல்கிற பிள்ளை, கணக்கைக் கையால் தொட்டிருக்கிறது என்று எதிரில் இருப்பவருக்கு உடனே புரிந்துவிடும்.

இடத் தேர்வையும் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றினாள். கூடவே அந்தப் பழைய 'பிரிவு 3' உத்தியையும் வாட்ஸ்அப்பில் கொண்டுவந்தாள். பொத்தானில் இருக்கும் இணைப்பில் ஒரு சிறு குறியீட்டைச் சேர்த்தால், அரட்டை திறக்கும்போதே அது செய்தியாக எழுதப்பட்டிருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=AR2
```

வாடிக்கையாளர் அனுப்பு என்று அழுத்தினால் சிற்பியின் போனில் 'AR2' என்று தொடங்கும் செய்தி வந்து நிற்கும். ஊர்க்காரர் சொல்லிக் கேட்டு வந்தவரையும் விளம்பரத்தைப் பார்த்து வந்தவரையும் சிற்பியே பிரித்துச் சொல்லிவிடலாம்.

அடுத்த ஒன்பது நாளில் ₹1,800 செலவு, 96 கிளிக். ஒரு கிளிக்கின் விலை ஒன்பதிலிருந்து ஏறக்குறைய பத்தொன்பது ரூபாய் ஆகிவிட்டது. புதிதாகப் பார்க்கிறவர் பதறிப்போகும் இடம் இது. ஆனால் மெஷின் தேடுகிறவனின் கிளிக் மலிவு, பூஜையறைக் கதவு தேடுகிறவரின் கிளிக் விலை அதிகம். பின்னவருக்காக இன்னும் பல கடைகள் ஏலம் கேட்கின்றன, அவ்வளவுதான். பொத்தான் 14 முறை அழுத்தப்பட்டது. செய்தி வந்தது 8. சிலை வாங்கும் எண்ணத்தோடு அளவு, மரம், விலை கேட்டவர்கள் 5 பேர். அதில் ஒருவர் ₹6,500-க்கு ஒரு பிள்ளையார் சொல்லி, முன்பணம் அனுப்பினார்.

எந்த எண்ணை எழுதுவது?

இப்போது கடிதம் எழுதும் நேரம். மேசையில் நான்கு எண்கள் கிடக்கின்றன: பொத்தான் அழுத்தல் 26, வந்த செய்தி 11, நிஜ விசாரணை 6, ஆர்டர் 1. கூகுள் கணக்கில் 'கன்வர்ஷன்' என்று தெரிவது முதல் எண். ஏனென்றால் பொத்தானைத்தான் அவள் கன்வர்ஷனாகப் பதிந்திருக்கிறாள். அதை எழுதினால் "26 கன்வர்ஷன், ஒன்று ₹108" என்று வரும். அழகான எண். ஆனால் எண்ணும் முறையை `Every` என்று வைத்திருந்தால் ஒரே ஆள் மூன்று முறை அழுத்தினாலும் மூன்றாகத்தான் விழும். தவறி விரல் பட்டதும் அதில் உண்டு. சிற்பியின் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆள் ஆறு பேர். ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் ஒருவரைக் கொண்டுவர ஆன செலவு ₹551. ஒரே கேம்பெய்ன், ₹108 என்றும் சொல்லலாம், ₹551 என்றும் சொல்லலாம்.

வேலை கொடுக்கிறவர் தினமும் இந்த இடைவெளிக்குள்தான் வாழ்கிறார். அவருடைய வாடிக்கையாளர் மாதக் கடைசியில் போன் செய்து, "உங்க ரிப்போர்ட்டுல 400 லீடுன்னு இருக்கு, எங்க ஷோரூமுக்கு முப்பது பேருதான் வந்தாங்க" என்பார். ஜூனியர் பதவிக்கு வருகிறவர் இந்த இடைவெளியை ஒருமுறையாவது கண்ணால் பார்த்தவரா என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. அதனால், என் தீர்ப்பில், நான்கு எண்களையும் வரிசையாக எழுதுகிற கடிதம் ₹108 என்று எழுதுகிற கடிதத்தைவிடப் பல மடங்கு கனமானது. 26, 11, 6, 1. இந்த ஒரு வரி போதும்.

ரோஆஸ் கதைக்கு வருவோம். ₹6,500-ஐ ₹2,800-ஆல் வகுத்தால் 2.3. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த எண் இதுதான். ஜி.எஸ்.டி. சேர்த்தால் இரண்டுக்கும் கீழே போகிறது. சரி, அதை விடுங்கள். மரம், கூலி, பாலிஷ் போக அந்தப் பிள்ளையாரில் சிற்பிக்கு ₹2,200 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரச் செலவு ₹3,304. சிற்பியே காசு போட்டிருந்தால் ₹1,104 நஷ்டம். '2.3 மடங்கு' என்று கடிதத்தில் மின்னுகிற எண்ணுக்குப் பின்னால் ஒரு நஷ்டக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு: அது ஒரே ஒரு ஆர்டர். அந்த ஒருவர் மனம் மாறியிருந்தால் ரோஆஸ் பூஜ்யம். பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்று சொல்லியிருந்தால் 4.6. ஒரு ஆள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வதால் பூஜ்யத்துக்கும் நாலரைக்கும் இடையே ஆடும் எண்ணை, திறமைக்குச் சான்றாக எப்படி எடுத்துக்கொள்வது?

சிறு எண்களின் தொல்லை ரோஆஸோடு நிற்பதில்லை. இரண்டாம் கட்டத்தில் 5 விசாரணை வந்தது. இதே கேம்பெய்னை இதே முறையில் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஐந்துதான் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அரிதாக நடக்கும் சம்பவங்களை எண்ணும்போது பயன்படுத்தும் புள்ளியியல் கணக்குப்படி, ஐந்து என்று எண்ணியவர் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மையான சராசரி ஏறக்குறைய ஒன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பதைத்தான். செலவாக மாற்றினால் ஒரு விசாரணைக்கு ₹150 ஆகவும் இருக்கலாம், ₹1,100 ஆகவும் இருக்கலாம். அவ்வளவு அகலமான வலையில் எதுவும் அகப்படும்.

"சரி, முதல் கட்டத்தில் ஒன்று, இரண்டாம் கட்டத்தில் ஐந்து; முன்னேற்றம் தெரிகிறதே" என்று கேட்கலாம். மொத்தம் 206 கிளிக்கில் 6 விசாரணை. இரண்டு கட்டத்தின் கிளிக்குகளும் ஒரே தரம்தான், மாற்றத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஆறில் ஐந்தோ ஆறோ இரண்டாம் கட்டத்தில் விழுவதற்கு நூற்றுக்கு எட்டு வாய்ப்பு இருக்கிறது. எட்டு என்பது சின்ன எண்தான். ஆனால் "நிரூபித்துவிட்டேன்" என்று எழுதுமளவு சின்னதில்லை. போதாததற்கு, கீவேர்ட், நெகட்டிவ் பட்டியல், இடம் மூன்றையும் அவள் ஒரே நாளில் மாற்றிவிட்டாள். முன்னேற்றம் நிஜம் என்றாலும் எதனால் வந்தது என்று பிரிக்க வழியில்லை.

அப்படியென்றால் ₹3,304 வீணா? இல்லை. விசாரணை எண்ணிக்கை சொல்லாததை Search terms பக்கம் சொல்லிவிட்டது. தெரிந்த 70 தேடலில் 41 மெஷினும் உளியும் என்பதற்குப் புள்ளியியல் தேவையில்லை. அது கண்ணெதிரே இருக்கும் பொருள். காய்ச்சல் குறைந்ததா என்று தெரிய நாள் ஆகும், காலில் முள் குத்தியிருப்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். சின்னக் கேம்பெய்னால் 'எவ்வளவு நன்றாக வேலை செய்தது' என்று சொல்ல இயலாது. 'எங்கே ஓட்டை' என்று சொல்ல இயலும். இந்தக் கேள்வியில் நான் வந்து நிற்கும் இடம் இதுதான்: பயிற்சிக் கேம்பெய்னை வைத்து எழுதும் கடிதம் விளைவை முன்னிறுத்தினால் தோற்கிறது, கண்டுபிடித்த ஓட்டையையும் அதற்குச் செய்ததையும் முன்னிறுத்தினால் நிற்கிறது.

அரியலூர்ப் பக்கம் வேறு சிக்கல்

உள்ளூர்க் கடைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டவர்களின் கடிதங்களில் வேறொரு பிழை வரும். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5.65 லட்சம் பேர், அரியலூர் மாவட்டத்தில் 7.55 லட்சம் பேர். அரியலூர் நகரமோ முப்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. அதில் குழந்தைகள், முதியவர்கள், ஃபேஸ்புக் இல்லாதவர்கள் எல்லோரையும் கழித்துவிட்டு, மிஞ்சுகிற கொஞ்சப் பேருக்கு ஒரு துணிக்கடை விளம்பரத்தைப் பதினைந்து நாள் காட்டினால் அதே முகங்களுக்குத்தான் திரும்பத் திரும்பப் போகும். "90,000 இம்ப்ரெஷன்" என்று கடிதம் பெருமையாகச் சொல்லும். ரீச் 12,000 என்று அதே பக்கத்தில் இருக்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு ஆள் சராசரியாக ஏழரை முறை பார்த்திருக்கிறார். நான்காவது முறைக்குமேல் அவர் என்ன நினைத்திருப்பார் என்பதை அரியலூர்க்காரர்களே சொல்லட்டும்.

சிற்றூர்களில் இந்த ஃப்ரீக்வென்சி எண் சென்னையைவிடச் சீக்கிரம் ஏறும். அதைக் கவனித்து, ஐந்தாம் நாளில் படத்தை மாற்றினேன் என்றோ, ஜெயங்கொண்டம் வரை வட்டத்தைப் பெரிதாக்கினேன் என்றோ எழுதினால் அது நல்ல வரி. மெட்டாவின் விளம்பர முறை தன் கணிப்பைச் சீராக்கிக்கொள்ள ஒரு வாரத்தில் சுமார் 50 கன்வர்ஷன் வேண்டும். நாளுக்கு ₹200 போடுகிறவருக்கு அது எட்டாத கனி. அதுவரை 'லேர்னிங்' என்றோ 'லேர்னிங் லிமிடெட்' என்றோதான் திரையில் நிற்கும். ஆகவே "அல்காரிதத்தை நன்கு பழக்கினேன்" என்ற வாக்கியத்தை அந்த பட்ஜெட்டில் எழுதாமல் விடுவதே நல்லது.

நம்பும்படி எப்படிச் சொல்வது?

வாசிக்கிறவரின் சந்தேகம் நியாயமானது. முப்பது பேர் படித்த ஒரு பயிற்சி வகுப்பில் ஆசிரியர் நடத்திய ஒரே கேம்பெய்னின் ஸ்கிரீன்ஷாட் முப்பது விண்ணப்பங்களில் வந்து சேர்ந்துவிடுகிறது. தேதி வெட்டப்பட்ட படம், கணக்கின் பெயர் மங்கலாக்கப்பட்ட படம், ரூபாய்க்குப் பதில் டாலர் காட்டும் படம் என்று பல ரகம். கிளிக் விகிதம் முப்பது சதவீதம் என்று வந்தால் அது நண்பர்களை விட்டு அழுத்தச் சொன்னது என்றோ, கடையின் பெயரையே கீவேர்டாகப் போட்டது என்றோ முதலில் தோன்றும். கடைப்பெயரைத் தேடுகிறவன் விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பான்.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி கூகுள் கணக்கிலேயே இருக்கிறது. Change history என்ற பக்கத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கீவேர்ட் சேர்க்கப்பட்டது, எது நிறுத்தப்பட்டது என்று வரிசையாகப் பதிவாகியிருக்கும். கையால் அதைத் திருத்த முடியாது. ஆறாம் நாள் காலை ஏழு நெகட்டிவ் கீவேர்ட் சேர்ந்திருக்கிறது என்று அந்தப் பக்கம் சொன்னால், கடிதத்தில் இருக்கும் கதைக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 'நேர்காணலின்போது கணக்கைப் பார்வைக்கு மட்டும் திறந்து காட்டத் தயார்' என்று ஒரு வரி எழுதலாம். `Read only` அனுமதி கொடுக்கும் வசதி கூகுள் கணக்கில் உண்டு. இதை எழுதியவரின் விண்ணப்பம் தனியாக எடுத்து வைக்கப்படும். கூகுளின் ஸ்கில்ஷாப் சான்றிதழைப் பற்றியும் பலர் கேட்பார்கள். இலவசத் தேர்வு, ஓராண்டு செல்லும். இருந்தால் கடைசி வரியில் குறிப்பிடலாம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

காட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிற்பிக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளின் படத்தை இணைக்காதீர்கள். அதில் வேறொருவரின் பெயரும் எண்ணும் இருக்கும். பிள்ளையார் வாங்க விசாரித்தவர், தன் எண் பெங்களூரில் ஒரு எச்.ஆர். மேசைக்குப் போகும் என்று நினைத்து எழுதவில்லை. எண்ணிக்கை போதும். சிற்பியிடமும், அவர் பட்டறையைப் பற்றி எழுதப்போவதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

கடிதம்

பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற கடிதம் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்கி, பணிவன்போடு முடியும். அந்தச் சட்டகத்தில் தவறில்லை. தவறு நடுவில் நிரப்புவதில் வருகிறது. வழக்கமாக வரும் வடிவம் இது: "நான் கடின உழைப்பாளி, டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் தீராத ஆர்வம் கொண்டவன். சொந்தமாக நடத்திய கேம்பெய்னில் 26 கன்வர்ஷனும் 2.3 ரோஆஸும் பெற்றேன். வாய்ப்பளித்தால் தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆளும் இல்லை.

நம் மாணவி எழுத வேண்டியது கிட்டத்தட்ட இப்படி இருக்கும். நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். முதலில் தமிழில் யோசித்துவிட்டு மாற்றினால் வெற்று வார்த்தைகள் தாமே உதிர்ந்துவிடும்.

"மதிப்பிற்குரிய அம்மா, தங்கள் நிறுவனத்தில் ஜூனியர் பெர்ஃபாமன்ஸ் மார்க்கெட்டிங் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இவ்வாண்டு பி.காம். முடித்தேன். ஏஜென்சி அனுபவம் இல்லை.

அரும்பாவூரில் ஒரு மரச்சிற்பப் பட்டறைக்கு 14 நாள் கூகுள் தேடல் விளம்பரம் நடத்தினேன். செலவு வரியோடு ₹3,304, என் சொந்தப் பணம். ஐந்தாம் நாள் முடிவில் 110 கிளிக் வந்திருந்தது, வாங்க வந்தவர் ஒருவர். தேடல் சொற்களைப் பார்த்தபோது தெரிந்த 70-இல் 41 பேர் செதுக்கும் மெஷினும் கருவியும் தேடியவர்கள். கீவேர்டைச் சுருக்கி, நெகட்டிவ் பட்டியல் சேர்த்து, இடத் தேர்வை மாற்றினேன். கிளிக் விலை ₹9-லிருந்து ₹19 ஆனது. அடுத்த 96 கிளிக்கில் வாங்க வந்தவர்கள் ஐந்து பேர்.

மொத்தத்தில் பொத்தான் அழுத்தல் 26, செய்தி 11, நிஜ விசாரணை 6, ஆர்டர் 1. சிற்பியின் லாபத்தோடு ஒப்பிட்டால் இது நஷ்டம். எண்கள் சிறியவை என்பதால் முன்னேற்றம் உறுதி என்று சொல்ல மாட்டேன். மூன்று மாற்றத்தையும் ஒரே நாளில் செய்தது என் தவறு. மறுபடி செய்தால் நெகட்டிவ் பட்டியலை மட்டும் முதலில் சேர்த்து ஒரு வாரம் பார்ப்பேன். கணக்கைப் பார்வைக்குத் திறந்து காட்டத் தயார்."

அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் பாதிகூட வராது. 'நஷ்டம்', 'என் தவறு' என்ற இரண்டு சொற்களைப் பார்த்து வீட்டில் பெரியவர்கள் பயப்படுவார்கள். வேலை கேட்கப் போகிற இடத்தில் இப்படியா எழுதுவது என்பார்கள். மற்ற வேலைகளுக்கு அவர்கள் பயம் சரியாகவே இருக்கலாம். இந்த வேலையில் எடுத்த எடுப்பிலேயே கையில் வரப்போவது அடுத்தவர் பணம். முப்பதாயிரம் போய்க்கொண்டிருக்கும்போது எதையோ மறைக்கிற ஆளைவிட, மூவாயிரம் போனதை வரி வரியாகச் சொல்கிற ஆளிடம் அதைக் கொடுப்பதே புத்தி.

இந்தக் கடிதத்துக்கும் எல்லை உண்டு. பெரிய பட்ஜெட்டைக் கையாள வருமா, வாடிக்கையாளர் கத்தும்போது நிதானமாக இருப்பாரா, பத்துக் கணக்கை ஒரே நேரத்தில் பார்ப்பாரா என்பவற்றுக்கு இதில் பதில் இல்லை. ஆயிரம் விண்ணப்பம் வரும் பெரிய நிறுவனத்தில் இதை யாரும் வாசிக்காமலே போகவும் வாய்ப்புண்டு. பத்து இருபது பேர் வேலை செய்யும் ஏஜென்சியில், ஜூனியரை எடுக்கிறவரே அவருக்கு வேலையும் சொல்லித் தரப்போகிறவராக இருப்பார். அங்கேதான் இது போய்ச் சேரும்.

விளம்பரத்தை நிறுத்திவிட்ட கையோடு கணக்கை மறந்துவிடாதீர்கள். Change history பக்கம் கடந்த இரண்டு ஆண்டுப் பதிவைத்தான் காட்டும். இரண்டாமாண்டில் பயிற்சிக் கேம்பெய்ன் நடத்திவிட்டு, பட்டம் முடித்து வேலை தேடி அலைந்து நேர்காணலுக்குப் போய் உட்காரும்போது அந்த ஆறாம் நாள் காலை அதில் இருக்காது. இன்றே அதை எடுத்து ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள்.